வீட்டைப் பிள்ளைக்கு எழுதும்போது: நன்கொடை உறுதியா, மரண சாசனமா?

வன்னியில் ஒரு வீட்டைப் பிள்ளைக்கு எழுதுவது பற்றிப் பேச்செடுத்தால், நன்கொடை உறுதி எழுதுவதா, மரண சாசனம் எழுதுவதா என்ற கேள்விதான் முதலில் வரும். அதைக் கேட்பதற்கு முன், வீடு நிற்கிற நிலத்துக்கு என்ன தாள் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். உறுதிக் காணி என்றால் இந்தக் கட்டுரை முழுவதும் உங்களுக்குப் பொருந்தும். பெர்மிட் காணி என்றால் நொத்தாரிசிடம் போவதற்கு முன் பிரதேச செயலகத்துக்குப் போக வேண்டும். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் போன்ற குளங்களின் கீழ்க் குடியேறிய குடும்பங்களில் பெரும்பாலானோரிடம் இருப்பது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரம் அல்லது அளிப்புப் பத்திரம். அந்தக் காணியில் எத்தனை இலட்சம் போட்டுக் கல்வீடு கட்டியிருந்தாலும், நிலத்தைக் கைமாற்றுகிற விதியை அந்தச் சட்டம்தான் சொல்லும். பெர்மிட் காணிக்கு இறுதியில் வருகிறேன். முதலில் உறுதிக் காணி.

விளங்குவதற்காக ஒரு குடும்பத்தை வைத்துக்கொள்வோம். வவுனியா நகரை அண்டி 20 பேர்ச் உறுதிக் காணியும் அதில் ஒரு வீடும். கலியாணத்துக்குப் பிறகு கணவர் உழைத்து, தன் பெயரில் வாங்கினது. அவர் மரண சாசனம் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். மனைவிக்கு இப்போது 64 வயது. மகன் ரொறன்ரோவில். மகள் தாயோடு அந்த வீட்டிலேயே இருந்து அவரைப் பார்த்துக்கொள்கிறார். வீடும் காணியும் சேர்த்துப் பெறுமதி 60 இலட்சம் ரூபாய். தாய் வீட்டை மகளுக்குக் கொடுக்க நினைக்கிறார்.

தாய்க்கும் மகளுக்கும் தெரியாமலே இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அந்த வீடு முழுவதும் தாயுடையது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி அது கணவரின் தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு அவர் தேடிய சொத்து. மரண சாசனம் இல்லாமல் அவர் இறந்ததால் பாதி மனைவிக்கும் மற்றப் பாதி பிள்ளைகளுக்கும் போய்விட்டது. ஆக, தாய்க்கு அரைப்பங்கு, மகனுக்குக் கால், மகளுக்குக் கால். வன்னியில் மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களும் நிறைய. அவர்களுக்குத் தேசவழமை பொருந்தாது. ஆனால் பொதுச் சட்டத்தின் கீழும் உயிரோடிருக்கும் துணைக்குப் பாதி, பிள்ளைகளுக்குப் பாதி என்பதால் இந்தக் கணக்கு மாறாது. முஸ்லிம் குடும்பங்களுக்குப் பங்கு விதியே வேறு. அவர்கள் இந்தக் கணக்கை எடுக்கக் கூடாது.

தாய் தனியாக ‘முழு வீட்டையும்’ எழுதிக்கொடுத்தால் உறுதியில் என்ன எழுதியிருந்தாலும் மகளுக்குப் போய்ச் சேருவது தாயின் அரைப்பங்குதான். மகனின் கால்பங்கு அப்படியே நிற்கும். அண்ணன் நல்லவர், ஒன்றும் கேட்கமாட்டார் என்பது உண்மையாகவே இருக்கலாம். அவருக்குப் பிறகு அந்தக் கால்பங்கு அவருடைய வாரிசுகளுக்குப் போகும். அப்போது கையெழுத்துக் கேட்க வேண்டிய ஆட்கள் கனடாவில் பிறந்து வளர்ந்தவர்களாக இருப்பார்கள். எனவே எந்த ஆவணத்தை எழுதுவதானாலும் அதற்கு முன் காணிப் பதிவகத்தில் அந்தக் காணியின் பதிவேட்டுப் பிரதியை எடுத்து, கடைசியாக யார் பெயரில் பதிவு நிற்கிறது என்று பார்க்க வேண்டும். போரில் உறுதி தொலைந்தவர்களும் அங்கேதான் தொடங்க வேண்டும். நொத்தாரிசு எழுதும் ஒவ்வொரு உறுதியின் இணைப் பிரதியும் பதிவகத்துக்குப் போகிறது என்பதால், அதிலிருந்து உறுதிப்படுத்திய பிரதி கேட்கலாம். உறுதி இலக்கமோ ஆண்டோ தெரியாவிட்டால் தேடல் நீளும். பக்கத்து வளவுக்காரரின் உறுதியில் எல்லை சொல்லும்போது உங்கள் காணியின் பெயரும் சொந்தக்காரர் பெயரும் வந்திருக்கும். அதை வைத்துப் பிடித்தவர்கள் உண்டு.

இனி நன்கொடை உறுதி. இலங்கையில் காணியைக் கைமாற்றும் ஆவணம் ஒரு நொத்தாரிசின் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு, எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருந்து கையெழுத்து வைத்ததாக இருக்க வேண்டும். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடைக் கட்டளைச் சட்டம் சொல்வது இது. சாட்சிகள் வீட்டிலே கையெழுத்து வைத்துத் தாளை நொத்தாரிசிடம் கொண்டுபோய்க் கொடுத்தால், பிற்காலத்தில் வழக்கு வரும்போது முதலில் உடைவது அந்த இடம்தான்.

நன்கொடைக்கு இன்னொரு தேவை உண்டு. பெறுபவர் அதை ஏற்றுக்கொள்ள வேண்டும். உறுதியின் கடைசியில் ‘மேற்படி நன்கொடையை நன்றியோடு ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி வந்து, அதன் கீழே பிள்ளையின் கையெழுத்து இருக்கும். ஏற்பு இல்லாத நன்கொடை சட்டப்படி முடிந்த நன்கொடை ஆகாது. மகள் பக்கத்திலேயே இருந்தால் இது ஒரு நிமிட வேலை. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு எழுதும்போதுதான் இது விடுபடுகிறது. ‘அவன் வரேக்க வைப்பான்’ என்று கையெழுத்து இடத்தை வெறுமையாக விட்டுவிடுவார்கள். அவர் வருமுன் தாய் இறந்துவிட்டால், அந்த உறுதி செல்லுமா என்பதே வழக்காகிவிடும். வெளிநாட்டில் இருப்பவர் தன் சார்பில் ஏற்றுக்கொள்ள இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித்தத்துவம் கொடுத்து, அது இங்கே பதிவாகிய பிறகுதான் உறுதி எழுத வேண்டும். பிள்ளை வேறு நாட்டுக் குடியுரிமை எடுத்திருந்தாலும் அதுவே தடையாகாது. வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுக்கும் 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம், நெருங்கிய உறவினருக்கு நன்கொடையாகவோ மரண சாசனத்தின் வழியாகவோ போகும் காணிக்கு விலக்குத் தந்திருக்கிறது.

கணவர் உயிரோடிருக்கும் பெண் ஒருவர் தன் சீதனக் காணியையோ வேறு அசையாச் சொத்தையோ எழுதிக்கொடுப்பதானால், தேசவழமையின் கீழ் கணவரின் எழுத்து மூலமான சம்மதம் வேண்டும். கணவர் காணாமற்போனவர், பிரிந்து போனவர் என்றால் மாவட்ட நீதிமன்றத்தில் விண்ணப்பித்து அந்தச் சம்மதத்துக்குப் பதிலாக உத்தரவு வாங்கலாம். வன்னியில் இந்த நிலையில் எத்தனை பெண்கள் இருக்கிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். உறுதியில் ‘விதவை’ என்று போட்டுச் சமாளிக்கலாம் என யாராவது சொன்னால் கேட்கக் கூடாது. இறப்புச் சான்றிதழ் இல்லாத அந்த ஒரு சொல் பிள்ளையின் உரித்தையே கேள்விக்குள்ளாக்கிவிடும்.

நன்கொடை உறுதியில் தாயைக் காப்பாற்றுவது சீவிய உரித்து. அதற்கான வாசகம் ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘மேற்படி ஆதனத்தில் நன்கொடையாளர் தமது சீவியகாலம் முழுவதும் வசிக்கவும், அதன் வருமானத்தை அனுபவிக்கவும் உள்ள சீவிய உரித்தைத் தமக்கென ஒதுக்கி வைத்துக்கொண்டு…’ இந்த ஒதுக்கு இருந்தால், காணியின் உரித்து அன்றைக்கே மகளுக்குப் போய்விட்டாலும், தாயை அந்த வீட்டை விட்டு யாரும் எழுப்ப முடியாது. வாடகைக்கு விட்டால் வாடகை தாய்க்கு. மகள் விற்றாலும் வாங்குபவர் தாயின் சீவிய உரித்தைச் சுமந்துகொண்டுதான் வாங்க வேண்டும். வங்கியில் ஈடு வைக்கப் போனாலும் தாயின் கையெழுத்தையும் கேட்பார்கள். தாய் இறந்த அன்று அந்த உரித்துத் தானாக முடிந்துவிடும். புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. இறப்புச் சான்றிதழ் போதும்.

நொத்தாரிசு ‘அம்மா, நீங்கள் இருக்குமட்டும் உங்களுக்குத்தானே’ என்று வாயால் சொன்னதைச் சீவிய உரித்து என்று நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். உறுதியில் அந்த வரி இல்லாவிட்டால் அந்த உரித்தும் இல்லை. கையெழுத்து வைக்குமுன் முழுவதையும் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். வாசித்துக் காட்டுவது நொத்தாரிசின் கடமை. ‘ஒதுக்கி வைத்துக்கொண்டு’ என்ற சொல் காதில் விழவில்லையென்றால் அங்கேயே நிறுத்திக் கேட்க வேண்டும்.

அடுத்தது, திரும்பப் பெறுதல். அதிகம் தவறாக விளங்கிக்கொள்ளப்படுவது இதுதான். ‘நான் எழுதினதுதானே, பிடிக்காட்டி ரத்துச் செய்யலாம்’ என்ற நினைப்பு பலரிடம் இருக்கிறது. எங்கள் சட்டத்தின் அடிப்படை நேர்மாறானது. ஏற்றுக்கொள்ளப்பட்ட நன்கொடை திரும்பப் பெற முடியாதது. உறுதியில் ஒன்றும் எழுதாமல் விட்டாலும் அதுதான் நிலை. திரும்பப் பெறும் உரிமை வேண்டுமானால் அதை உறுதியிலேயே வெளிப்படையாக ஒதுக்கி எழுத வேண்டும். அப்படி எழுதினால் அது ‘மீளப்பெறத்தக்க நன்கொடை உறுதி’. பிற்காலத்தில் தாய் இன்னொரு நொத்தாரிசு உறுதியால் அதை ரத்துச் செய்யலாம். காரணம் சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் எல்லோரும் மீளப்பெறத்தக்கதாகவே எழுதலாமே என்று தோன்றும். அதில் ஒரு விலை இருக்கிறது. அப்படியான உறுதியை வைத்து வங்கி கடன் கொடுக்கத் தயங்கும். வாங்குபவரின் சட்டத்தரணி ஒதுங்குவார். மகள் அந்த வீட்டில் தன் காசைப் போட்டு மேல்மாடி கட்டவும் பயப்படுவார். பிள்ளை கையிலிருந்து செலவழித்துத் திருத்தப் போகிற வீட்டுக்கு மீளப்பெறத்தக்க உறுதி பொருந்தாது என்பது என் கருத்து. சீவிய உரித்தும் பராமரிப்பு நிபந்தனையும் சேர்த்த, மீளப்பெற முடியாத உறுதியே தாய்க்கும் மகளுக்கும் நியாயமானது. தாய் இன்னும் முடிவு செய்யாத நிலையில் இருக்கிறார், பிள்ளைகளுக்கிடையே பங்கு மாறலாம் என்றால் நன்கொடை உறுதியே எழுதக் கூடாது. அவருக்கு ஏற்றது மரண சாசனம்.

மீளப்பெற முடியாத உறுதிக்கும் ஒரு வாசல் உண்டு: பிள்ளையின் கொடிய நன்றிகெட்ட செயல். கொடுத்தவர் மேல் கை வைத்தல், உயிருக்கு உலை வைத்தல், கொடிய அவமானம் செய்தல், வேண்டுமென்றே பெரும் நட்டம் விளைவித்தல், ஏற்றுக்கொண்ட நிபந்தனையை நிறைவேற்றாமல் விடுதல் என்பன ரோமன்-டச்சுச் சட்டத்திலிருந்து வந்த காரணங்கள். மனவருத்தம், மருமகனோடு வாய்த்தர்க்கம், திருவிழாவுக்குக் கூப்பிடவில்லை என்பவை இதற்குள் வரா. முன்பெல்லாம் தாய் தகப்பன் ஒரு நொத்தாரிசிடம் போய் ‘நன்றிகெட்டவன்’ என்று எழுதி ரத்து உறுதி ஒன்றைப் பதிந்துவிடுவார்கள். அதை நம்பி யாரோ வாங்கிவிட, காணி இரண்டு வழக்குகளுக்கு நடுவில் கிடக்கும். 2017 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்கச் சட்டம் இதை நிறுத்தியது. மீளப்பெற முடியாத நன்கொடையை நன்றிகெட்ட செயலைக் காரணம் காட்டி ரத்துச் செய்வதானால் மாவட்ட நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு உத்தரவு வாங்க வேண்டும். நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவருடையது. பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி, வைத்தியசாலைச் சிட்டை, கிராம அலுவலர் முன் நடந்த விசாரணைக் குறிப்பு போன்றவைதான் அங்கே பேசும். வழக்குப் போடுவதற்குக் கால எல்லையும் உண்டு. அதனால் ‘இன்னும் கொஞ்ச நாள் பார்ப்பம்’ என்று ஆண்டுக்கணக்கில் பொறுத்திருப்பது தாய்க்குக் கெடுதல். வழக்குப் போட்ட கையோடு, வழக்கு நிலுவையில் இருக்கிறது என்ற அறிவித்தலைக் காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். இல்லாவிட்டால் வழக்கு நடக்கும்போதே காணி வேறு கைக்குப் போகலாம்.

நிபந்தனையை எழுதும் விதமும் முக்கியம். ‘மகள் தாயைப் பராமரிக்க வேண்டும்’ என்று மட்டும் எழுதினால், எது பராமரிப்பு என்று நீதிமன்றத்தில் வாதாட வேண்டி வரும். ‘மேற்படி வீட்டில் தாயை வைத்து உணவும் மருந்தும் கொடுத்துப் பராமரிக்க வேண்டும், வெளியூர் போவதானால் அதற்கு மாற்று ஒழுங்கு செய்ய வேண்டும், இது இந்த நன்கொடையின் நிபந்தனை’ என்று எழுதினால், மீறினாரா இல்லையா என்பதை ஆள்வைத்துக் காட்டலாம்.

மரண சாசனம் இதற்கு எதிர்ப்பக்கம். இறக்கும் வரைக்கும் அது வெறும் தாள். தாய் நினைத்த நேரத்தில் புதிதாக எழுதலாம், கிழிக்கலாம், வீட்டையே விற்கலாம். விற்றுவிட்டால் அந்த வீட்டைப் பற்றிச் சாசனம் சொன்னது பொருளற்றுப் போகும். எழுதும் முறை இரண்டு: ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும், அல்லது நொத்தாரிசு இல்லாமல் ஐந்து சாட்சிகள். இரண்டாவது முறையில் எழுதினால், பிற்காலத்தில் அந்தச் சாட்சிகள் எங்கே என்று தேடும் வேலை பிள்ளைக்கு வரும். வன்னியில் இருபது வருடத்துக்கு முன் ஒரு ஊரில் இருந்த ஐந்து பேரும் இன்றைக்கும் அங்கேயே இருப்பார்கள் என்று சொல்ல முடியாது. நொத்தாரிசு முன்னிலையில் எழுதுவதே நல்லது. சொத்தைப் பெறப்போகிற பிள்ளையோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக நிற்கக் கூடாது. அந்தப் பிள்ளை நொத்தாரிசைக் கூட்டி வருவது, வாசகம் சொல்லிக் கொடுப்பது, எழுதும்போது அறைக்குள் நிற்பது எல்லாமே பிற்காலத்தில் சந்தேகத்தைக் கிளப்பும். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்கும் சுமை சாசனத்தைக் கொண்டுவருகிறவர் தலையில்தான் விழும்.

இன்னொரு விதியைப் பலர் அறியார். சாசனம் எழுதியவர் அதற்குப் பிறகு கலியாணம் செய்தால் அந்தச் சாசனம் ரத்தாகிவிடும். போரில் துணையை இழந்து, பிள்ளைகளுக்குச் சாசனம் எழுதி வைத்துவிட்டு, பிறகு மறுமணம் செய்தவர்கள் புதிதாக எழுத வேண்டும். பழையது உறைக்குள் பத்திரமாக இருந்தும் பயனில்லை.

எங்கள் சட்டத்தில் பிள்ளைக்குக் கட்டாயப் பங்கு என்று ஒன்று இல்லை. தாய் தன் பங்கு முழுவதையும் ஒரு பிள்ளைக்கே சாசனத்தால் கொடுக்கலாம். விடுபட்ட பிள்ளை ‘எனக்கும் உரித்து’ என்று அதை உடைக்க முடியாது. அவரால் சொல்லக்கூடியது, அம்மாவுக்கு அப்போது தெளிவு இருக்கவில்லை, கையெழுத்து அம்மாவுடையதல்ல என்பவை போன்ற காரணங்களைத்தான். முதிர்ந்த வயதில் எழுதும்போது அதே கிழமையில் ஒரு வைத்தியரின் சான்று எடுத்து வைப்பது இதற்காகத்தான்.

சாசனத்தின் உண்மையான செலவு இறப்புக்குப் பிறகு வருகிறது. சாசனத்தில் பெயர் குறிக்கப்பட்ட நிறைவேற்றுநர் அதை மாவட்ட நீதிமன்றத்தில் ஒப்படைத்து, சாசனம் செல்லும் என்று நீதிமன்றம் தரும் அத்தாட்சியான புரோபேற் கேட்க வேண்டும். சொத்து விபரம், இறப்புச் சான்றிதழ், சத்தியக் கடதாசிகள், பத்திரிகை அறிவித்தல், ஆட்சேபணைக்கான காலம் எல்லாம் முடிந்து புரோபேற் கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். யாராவது ஆட்சேபித்தால் வருடங்கள். அதற்குப் பிறகு நிறைவேற்றுநர் மகளின் பெயருக்கு ஓர் உறுதி எழுதிப் பதிந்தால்தான் பதிவேட்டில் மகளின் பெயர் ஏறும். நிறைவேற்றுநராக ரொறன்ரோ மகனைப் போட்டால் ஒவ்வொரு சத்தியக் கடதாசிக்கும் தபாலும் தூதரகமும் தேவைப்படும். இங்கே இருக்கிற ஒருவரைப் போடுங்கள்.

இனி வரி. மரண சாசனம் எழுதும்போது முத்திரைத் தீர்வை இல்லை. இலங்கையில் இப்போது மரணச்சொத்து வரியோ நன்கொடை வரியோ கிடையாது. 2023 இல் சர்வதேச நாணய நிதியத்தோடு செய்த உடன்பாட்டில் அப்படி ஒரு வரியைக் கொண்டுவருவதாக அரசு ஒப்புக்கொண்டிருந்தது. ஆகவே எழுதப் போகிற ஆண்டில் நிலை என்ன என்பதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். நன்கொடை உறுதிக்கு வரும் பெரிய செலவு முத்திரைத் தீர்வை. அது மாகாண சபைக்குப் போகிற காசு. நெடுநாளாகப் புழக்கத்தில் உள்ள கணக்கு: நன்கொடைக்கு முதல் 50,000 ரூபாய்க்கு 3 வீதம், மீதிக்கு 2 வீதம், விற்பனைக்கு முதல் 100,000 ரூபாய்க்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். மாகாண இறைவரித் திணைக்களத்தில் அன்றைய வீதத்தை உறுதிப்படுத்திக்கொண்டு காசைக் கட்டுங்கள்.

நாங்கள் எடுத்துக்கொண்ட குடும்பத்தில் தாயின் அரைப்பங்கின் பெறுமதி 30 இலட்சம். முதல் 50,000க்கு 1,500 ரூபாய், மீதி 29 இலட்சத்து 50 ஆயிரத்துக்கு 59,000 ரூபாய், மொத்தம் 60,500. மகன் தன் கால்பங்கையும் தங்கைக்குக் கொடுத்தால் 15 இலட்சத்துக்கு 30,500. அதே அரைப்பங்கை விற்பனை உறுதியாக எழுதினால் 119,000 ரூபாய் கட்ட வேண்டும். ‘நன்கொடை என்றால் பிறகு ரத்துச் செய்வினம், விற்பனை என்று எழுதுங்கோ’ என்று மருமக்கள் பக்கத்தில் சொல்வது வழக்கம். காசு கைமாறாத விற்பனை உறுதியால் தீர்வை ஏறக்குறைய இரட்டிப்பாகும். அதோடு நன்றிகெட்ட செயலுக்காகத் திரும்பப் பெறும் வாசலும் தாய்க்கு அடைபட்டுவிடும். தாய் இதற்கு இணங்கக் கூடாது. மறுபக்கத்தில், தீர்வையைக் குறைக்கப் பெறுமதியைக் குறைத்துப் போடுவதும் நடக்கிறது. மதிப்பீட்டுக்குப் போனால் குறைவும் தண்டமும் சேர்ந்து வரும்.

மூலதன ஆதாய வரியை மறந்துவிடுவார்கள். 2025 ஏப்ரல் 1 முதல் தனியாளுக்கு அது 15 வீதம். ஒருவர் தான் குடியிருக்கும் பிரதான வீட்டைக் கைமாற்றும்போது, கைமாற்றுவதற்கு முன் தொடர்ந்து 3 ஆண்டுகள் அவருக்குச் சொந்தமாக இருந்து, அதில் 2 ஆண்டுகளாவது அவர் குடியிருந்திருந்தால் விலக்கு உண்டு. கணவர் இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தால், அங்கேயே வாழும் தாய்க்கு இந்த விலக்குப் பொருந்தும். ரொறன்ரோ மகனுக்குப் பொருந்தாது. அவர் கால்பங்கை எழுதுமுன் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தில் தன் நிலையைக் கேட்டுத் தெளிய வேண்டும். மகளும் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. வீடு தன் பெயருக்கு வந்து மூன்று ஆண்டு ஆகுமுன் விற்றால் இந்த விலக்கை அவர் கோர முடியாது. உறுதி எழுதும் காலத்திலேயே ஒரு மதிப்பீட்டு அறிக்கை எடுத்து உறுதியோடு வைப்பது பிற்காலக் கணக்குக்கு உதவும்.

இந்தக் குடும்பத்துக்கு நான் சொல்வது இது. தகப்பனின் மரணச்சொத்து வழக்கு நடந்திராவிட்டால், அது தேவையா என்று முதலில் சட்டத்தரணியிடம் கேட்டு முடிக்க வேண்டும். பிறகு மகன் அற்றோணித்தத்துவம் அனுப்ப, தாயும் மகனும் சேர்ந்து கொடுப்பவர்களாக நிற்க, தாயின் சீவிய உரித்தையும் பராமரிப்பு நிபந்தனையையும் ஒதுக்கி, மகள் அங்கேயே ஏற்றுக் கையெழுத்து வைக்கும் நன்கொடை உறுதி எழுதலாம். தாயின் மற்றச் சொத்துகளுக்கு, நகையோ வங்கிக் காசோ, ஒரு சிறு மரண சாசனம். உறுதி எழுதிய பிறகு நொத்தாரிசு பதிவுக்கு அனுப்பினாரா என்று பின்தொடர்ந்து, பதிவு முத்திரை விழுந்த உறுதியைக் கையில் வாங்க வேண்டும். பதியாமல் கிடக்கும் உறுதிக்கு முன்னால், அதே காணியைக் காசு கொடுத்து வாங்கிப் பதிந்தவர் முந்திவிடுவார்.

பெர்மிட் காணிக்கு வருவோம். இதே தாய்க்கு விசுவமடுவில் ஒரு ஏக்கர் மேட்டுக்காணி பெர்மிட்டில் இருந்தால், அதற்கு நன்கொடை உறுதி எழுத நொத்தாரிசுக்கு அதிகாரம் இல்லை. எழுதினாலும் அது செல்லாது. அங்கே வழி, தனக்குப் பிறகு காணியைப் பெறுபவரான பின்னுரித்தாளரை நியமிப்பது. பிரதேச செயலகத்தின் காணிப் பகுதியில் படிவம் வாங்கி, குடும்ப உறவினருக்குள் ஒருவரை நியமித்துக் கையெழுத்து வைத்துப் பதிய வேண்டும். அந்த நியமனம் பெர்மிட்காரர் உயிரோடிருக்கும்போதே பதிவாகியிருக்க வேண்டும். படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டு வந்தோம் என்பது போதாது. பதிவு இலக்கம் இட்ட பிரதி கையில் இருக்க வேண்டும். இந்த நியமனத்தை உயிரோடிருக்கும்போது மாற்றலாம் என்பதால், இயல்பில் இது நன்கொடையைவிட மரண சாசனத்துக்குக் கிட்ட நிற்கிறது.

அளிப்புப் பத்திரம் கிடைத்துவிட்டால் பிரதேச செயலாளரின் எழுத்து மூலமான முன் அனுமதியோடு பிள்ளைக்கு எழுதலாம். அனுமதி முதலில், உறுதி பிறகு. மாறிச் செய்தால் உறுதி வெறுமையாகும். பெர்மிட்டிலோ அளிப்பிலோ குறித்த அளவுக்குக் கீழே காணியைத் துண்டு போடவும் முடியாது. ‘ஆளுக்கு அரை ஏக்கர்’ என்று வீட்டுக்குள் பேசி முடித்தது தாளில் ஏறாது.

தாய்க்கு அந்த பெர்மிட் எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். கணவர் பெயரில் இருந்து, தாய் பின்னுரித்தாளராகப் பெயர் குறிக்கப்படாமல் மனைவி என்ற முறையில் மட்டும் வந்திருந்தால், அவருக்கு ஆயுள்வரை இருக்கும் உரித்துத்தான் உண்டு. புதிதாக ஒருவரை நியமிக்கும் அதிகாரம் அவருக்கு இல்லை. அப்போது சட்டத்தின் அட்டவணைப்படிதான் அடுத்தவர் வருவார். ஆண்பிள்ளைக்கு முன்னுரிமை தந்த அந்த அட்டவணையை 2022 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கத் திருத்தம் மாற்றிவிட்டது. மூத்த மகனுக்குத்தான் பெர்மிட் என்று இன்னும் யாராவது சொன்னால், மகள் அதை நம்பிப் பின்வாங்கத் தேவையில்லை. கணவரின் பெர்மிட்டில் யார் பெயர் பின்னுரித்தாளராக இருக்கிறது என்பதைப் பிரதேச செயலகப் பதிவேட்டில் பார்த்து, அந்தப் பக்கத்தின் உறுதிப்படுத்திய பிரதியை எடுத்துக்கொண்டு வாருங்கள்.